நேண்ட் கேட் மட்டும் வைத்து நாற்றங்கால் பம்ப்: உங்கள் அனுபவம் என்ன?

டியூஷன் டீச்சர், சுங்கை சிப்புட்:
பக்கத்துத் தோட்டத்துப் பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். செம்பனை நாற்றங்காலின் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பைத்தான் செய்முறைக்கு எடுத்திருந்தான். நேண்ட் கேட் தவிர வேறு எதுவும் கூடாது என்பது நிபந்தனை. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் A = 1. கிணறு வற்றினால் B = 1. கையால் போடும் சுவிட்ச் C.

```
F = A·B' + C
```

பிரெட்போர்டை என் வீட்டுக்குக் கொண்டுவந்தான். பம்புக்குப் பதிலாக ஒரு எல்இடி. C-ஐ அணைத்து வைத்தால் எல்இடி எரிந்துகொண்டே இருக்கிறது. தொட்டி நிறைந்தாலும் அணைவதில்லை. C-ஐப் போட்டால்தான் A, B சொல்வதைக் கேட்கிறது. சிப் கெட்டுவிட்டது என்று ஈப்போவுக்குப் போய்ப் புதிது வாங்கக் கிளம்பிவிட்டான். இப்படிப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

முன்னாள் மாணவன்:
டீச்சர், இது சுலபம். ஆண்ட், ஆர் இருக்கிற இடத்தில் எல்லாம் நேண்ட் வைத்தால் போதும். நாங்கள் அப்படித்தான் செய்தோம், வேலை செய்தது.

பினாங்கு ஆலைக்காரர்:
தம்பி சொல்வது பாதி சரி. அந்தப் பையனும் அதைத்தான் செய்திருப்பான் என்று நினைக்கிறேன். சிப் நல்ல சிப்தான் டீச்சர், ஈப்போவுக்குப் போக வேண்டாம். ஒன்றை இரண்டு முறை தலைகீழாக்கினால் பழையதே வரும். அதனால் F முழுவதையும் இரண்டு முறை தலைகீழாக்கி, உள்ளே இருக்கிற ஒன்றை மட்டும் பிரியுங்கள். கூட்டல் பெருக்கலாகிவிடும்.

```
F = ((A·B' + C)')'
  = ((A·B')' · C')'
```

கடைசி கேட்டுக்குள் போவது C இல்லை, C'. A·B' ஜோடியாக இருப்பதால் அதன் தலைகீழ் அதற்குரிய நேண்டிலேயே கிடைத்துவிடும். C தனியாள், அதற்குத் தனியாக ஒரு கேட் வேண்டும். நேராகச் செருகினால் A·B' + C' வரும். அப்போது C = 0 என்றால் விடை எப்போதும் 1. டீச்சர் பார்த்த கோளாறு அதுவேதான். B' ஒன்று, C' ஒன்று, (A·B')' ஒன்று, கடைசியில் ஒன்று: நாலு கேட். ஒரு 7400-இல் இருப்பதும் நாலுதான்.

மில் எலெக்ட்ரிஷியன்:
அண்ணே, கணக்கு சரி. பம்ப் என்ன ஆகும்? கிணறு வற்றியிருக்கும்போது யாராவது C-ஐப் போட்டால் பம்ப் காய்ந்து ஓடும், சீல் எரிந்துபோகும். எங்கள் பக்கம் அப்படி எரிந்ததைக் கழற்றியிருக்கிறேன். B எல்லாவற்றையும் தடுக்க வேண்டும்: (A + C)·B'. இன்னொன்று, சிப்பிலிருந்து நேராக மோட்டாருக்கு வயர் போகக் கூடாது. டிரான்சிஸ்டர், ரிலே, அப்புறம் காண்டாக்டர்.

முன்னாள் மாணவன்:
அடைப்புக்குறி போட்டுச் சுருக்கிவிட்டால் கேட்டும் குறையுமே?

பினாங்கு ஆலைக்காரர்:
நேண்டில் அப்படி இல்லை தம்பி. (A + C) செய்ய A', C', ஒரு நேண்ட்: மூன்று. B'-க்கு ஒன்று. இரண்டையும் பெருக்க ஒரு நேண்ட், அதைத் திருப்பிப்போட இன்னொன்று. ஆறு கேட், இரண்டு சிப். அடைப்புக்குறியைப் பிரித்து எழுதிப் பாருங்கள்.

```
F = A·B' + C·B'
  = ((A·B')' · (C·B')')'
```

B' ஒரே முறை செய்தால் போதும், இரண்டு இடத்துக்கும் போகும். மறுபடியும் நாலு கேட். தனியாள் யாரும் இல்லாததால் தம்பியின் வழியும் இங்கே தப்பாது. எலெக்ட்ரிஷியன் சொன்ன பாதுகாப்புக்குக் கூடுதலாக ஒரு கேட்கூட ஆகவில்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மாடிவீட்டு அக்கா:
மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச், படிக்கட்டு விளக்குக்கும் இதே சிப் போதுமா? என் மகள் கேட்கிறாள்.

பினாங்கு ஆலைக்காரர்:
வீட்டு விளக்குக்கு இருவழி சுவிட்சே போதும் அக்கா. மகள் 5 வோல்ட்டில் விளையாடட்டும். A·B' + A'·B-ஐ அப்படியே கட்டினால் ஐந்து கேட். N = (A·B)' என்று முதலில் ஒன்று செய்துகொண்டால் A·N = A·A' + A·B'. A·A' எப்போதும் 0, எனவே மிச்சம் A·B'. அந்தப் பக்கம் B·N-உம் அப்படியே. தனியாக A', B' செய்யவே வேண்டாம், நாலு கேட்டில் முடிந்துவிடும்.

டியூஷன் டீச்சர்:
C வயரை மாற்றினோம், எல்இடி சரியாக எரிகிறது. எலெக்ட்ரிஷியன் சொன்ன வாய்ப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று லெக்சரரிடம் கேட்கப்போகிறான். இன்னொரு சந்தேகம்: திருப்பிப்போடும் கேட்டில் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டுவதா, ஒன்றை 5 வோல்ட்டில் கட்டுவதா?

மில் எலெக்ட்ரிஷியன்:
நான் 5 வோல்ட்டில்தான் கட்டுவேன்.

பினாங்கு ஆலைக்காரர்:
நான் சேர்த்துத்தான் கட்டுவேன், வயர் குறைவு. எதுவானாலும் காலைச் சும்மா தொங்கவிடாதீர்கள். 74HC00 என்றால் கை கிட்டே போனாலே எல்இடி மினுக்கும்.