35 நடக்கிறது என்றால் 12-ஆம் வீடா?

துலா லக்னம்: 1991 மே இரண்டாம் வாரம், மாலையில் பிறந்தேன். மேற்கத்தியக் கணக்கில் லக்னம் துலாம் 10 பாகை. இப்போது 35 நடக்கிறது. லக்னத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு ராசி நகர்த்தும் புரொஃபெக்ஷன் முறையில் எண்ணினால் 12-ஆம் வீடு வருகிறது. விரய ஆண்டு என்று வீட்டில் பயப்படுகிறார்கள். சரியா?

மாலைவெள்ளி: எண்ணிக்கை ஒன்று கூடிவிட்டது. பிறந்ததிலிருந்து முதல் பிறந்தநாள் வரை லக்னத்தின் ஆண்டு. அதனால் நடக்கும் வயதை விட்டுவிட்டு முடிந்த வயதை எடுக்க வேண்டும். 34-ஐ 12-ஆல் வகுத்தால் மீதி 10. துலாத்திலிருந்து பத்து ராசி தள்ளினால் சிம்மம், 11-ஆம் வீடு. ஆண்டின் அதிபதி சூரியன். கன்னியும் புதனும் அடுத்த பிறந்தநாளில்தான் வரும். 12, 24 முடிந்தபோது லக்னத்துக்கே திரும்பியதா என்று பாருங்கள், எண்ணிக்கை பிசகியிருந்தால் அங்கேயே தெரியும்.

உங்கள் சூரியன் ரிஷபத்தில், 8-இல். கிரேக்கர்கள் அதை வலுவற்ற இடமாகக் கருதினார்கள். நண்பர்கள் வழி வரும் லாபம் அடுத்தவர் பணம், கடன், பங்கு என்று சுற்றித்தான் வரும். ஆனால் சிம்மத்திலேயே குரு இருக்கிறார், சூரியன் மறையும் முன் பிறந்ததால் பகல் பிறப்பும்கூட. இந்த ஆண்டு அவர் பேசுவார். பயப்படும் ஆண்டாக நான் சொல்ல மாட்டேன்.

பஞ்சாங்கப் பித்தன்: இது நம் வருஷபலத்தில் வரும் முந்தாவேதான். இங்கிருந்து போனது. நிராயணப்படி இவருக்குக் கன்னி லக்னம். 11 கடகம், அதிபதி சந்திரன். சூரியனை வைத்துப் பலன் சொன்னால் மொத்தமும் தப்பு.

மாலைவெள்ளி: கணக்கு ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். திசைதான் வேறு. வருஷபலம் சொல்லும் தாஜிக முறை அரபு, பாரசீக வழியாக இங்கே வந்தது, ‘முந்தா’ என்ற பெயரே அரபுச் சொல்லின் திரிபு. 2-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க மொழியில் எழுதிய ஜோதிடர் வெட்டியஸ் வேலன்ஸ் இதை விரிவாக எழுதிவிட்டார். அதிபதி மாறுவது மெய்யான சிக்கல். வேலன்ஸ் காலத்தில் மேற்கத்திய, நிராயண ராசிச் சக்கரங்கள் இரண்டும் சில பாகைதான் விலகியிருந்தன, இன்று சுமார் 24. வீட்டு எண் இரண்டிலும் 11-தான். சூரியனா சந்திரனா என்பதை என்னால் நிரூபிக்க முடியாது.

கேள்விக்குறி: உலகில் 34 முடிந்த எல்லோருக்கும் 11-ஆம் வீடுதானே? அப்புறம் இதில் இவருக்கென்று என்ன இருக்கிறது?

மாலைவெள்ளி: வீடு பொது. ராசி, அதன் அதிபதி, அவர் நிற்கும் இடம், அந்த ராசியில் பிறப்பிலேயே இருக்கும் கிரகம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. சோதிக்க வேண்டுமென்றால் 10, 22 முடிந்த ஆண்டுகளைப் பாருங்கள், அவையும் இதே சிம்மம். பலனைப் படிக்கும் முன் நடந்ததை எழுதி வைக்க வேண்டும்.

கேள்விக்குறி: அவர் ஏற்கெனவே உங்கள் பலனைப் படித்துவிட்டாரே. நண்பர், கடன் என்று தேடினால் எந்த ஆண்டிலும் கிடைக்கும்.

துலா லக்னம்: 22 முடிந்த ஆண்டில் கல்லூரி நண்பன் சொல்லித்தான் முதல் வேலை கிடைத்தது. அதில் சேரக் கடன் வாங்கி ஊர் மாறினேன். 10-இல் பள்ளி மாறியது தவிர வேறொன்றும் நினைவில்லை. அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன், இந்தப் பலனை அவரிடம் சொல்லாமல்.