பெயருக்குப் பின்னால் எதைச் சேர்த்தீர்கள்? இன்னும் உறுத்தும் ஓர் அனுபவம்

திருப்பூர் பின்னல்:

கொல்கத்தாவில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, டாக்காவை அடுத்த காஜிப்பூரில் ஒரு பின்னலாடை ஆலைக்குத் தரக் கட்டுப்பாட்டுப் பணிக்குப் போனேன். வங்காளம் பேச வரும் என்ற தைரியம் இருந்தது. முதல் வாரமே கூட்டம். மேசை முழுவதும் சாயம் சரியாக ஏறாத பனியன் மாதிரிகள். எதிரே உற்பத்திப் பிரிவின் தலைவர், ஐம்பதைத் தாண்டியவர். ரஃபீக் என்று வைத்துக்கொள்ளுங்கள் (எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்). அவருக்குப் பக்கத்தில் மேற்பார்வையாளர் சுப்ரதோ. எல்லோரும் அவரைச் "சுப்ரதோதா" என்றே கூப்பிட்டார்கள். கொல்கத்தாவில் நான் கற்றதும் அதுதான்: மூத்தவர் என்றால் பெயரோடு "தா", பெண் என்றால் "தி". அதனால் தயங்காமல் "ரஃபீக்தா, இந்த நிறம் ஏற்றுமதிக்கு ஆகாது" என்றேன்.

அறை அமைதியாகிவிட்டது. ரஃபீக் சிரித்துக்கொண்டே, "நான் இங்கே ரஃபீக் பாய். தா இவர்தான்" என்று பக்கத்தில் கை காட்டினார். கோபம் இல்லை, கேலியும் இல்லை. ஆனால் சுப்ரதோ கையிலிருந்த துணியைப் பார்த்துக் குனிந்தவர், கூட்டம் முடியும் வரை நிமிரவில்லை. மூத்த அண்ணன் என்பதற்கு அங்கே ஆளைப் பொறுத்து இரண்டு சொற்கள் இருக்கின்றன என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. முஸ்லிம் என்றால் பாய், இந்து என்றால் தா. பெண்களுக்கு ஆபா, தீதி. பெயரைச் சொல்லும்போதே மதத்தையும் சொல்லியாகிவிடுகிறது.

"பாய்" என்று நான் சொல்லாததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கொல்கத்தாவில் "பாய்" என்பது பெரும்பாலும் தம்பியை அழைப்பது. ஐம்பது வயதுக்காரரைத் தம்பி என்பதா? இரண்டாவது, நம் ஊரில் "பாய் கடை" என்று மதத்தைக் குறித்துச் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. அதைத் தவிர்ப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. சுப்ரதோ ஏன் குனிந்தார் என்பது மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

லேக் மார்க்கெட் அத்தை:

நான் பிறந்து வளர்ந்ததே கொல்கத்தா. வங்கி வேலையில் ஓய்வு பெற்றவள். திருப்பூர்த் தம்பி சொல்லும் பிரிவு சரிதான். கூப்பிடும்போது மட்டுமல்ல, ஒருவரைப் பற்றிப் பேசும்போதும் அது தொடரும். முறையாகக் குறிப்பிட வேண்டுமானால் இந்துவுக்கு "பாபு", முஸ்லிமுக்கு "சாஹேப்". ஜோதி பாசுவை மேற்கு வங்கம் முழுவதும் "ஜோதி பாபு" என்றது. ஷேக் முஜிபுர் ரஹ்மானை "ஷேக் சாஹேப்" என்றவர்களும் உண்டு, "முஜிப் பாய்" என்றவர்களும் உண்டு.

ஆனால் எனக்கு உறுத்துவது பெயரில் ஒட்டுவது அல்ல, வினையில் ஒட்டுவது. பக்கத்து வீட்டு அம்மாவை "மாஷிமா" என்று கூப்பிடுவோம், பெரியம்மா என்பது போல. எனக்குப் பத்து வயது இருக்கும். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம். ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, உள்ளே இருந்த அம்மாவிடம் "மாஷிமா எஷேச்சே" என்று கத்தினேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று, "எஷேச்சேயா? நான் என்ன பூனையா?" என்றார். "எஷேச்சேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் ஒரு "ன்" குறைந்துவிட்டது. மாஷிமா என்று முழு மரியாதையோடு தொடங்கி, பூனை வந்தது என்பது போல முடித்திருக்கிறேன்.

தமிழ் நாக்குக்கு இது ஏன் கடினம் என்று பின்னால்தான் புரிந்தது. நமக்கு "வந்தான்" என்றால் மரியாதைக் குறைவு, "வந்தார்" என்றால் மரியாதை. "ன்" வரும் இடத்தில் நம் காது சுருங்கும். வங்காளத்தில் அந்த "ன்" சேர்ந்தால்தான் மரியாதை. அதனால் தெரியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். ரஃபீக் பாய் என்று சரியாகச் சொல்லிவிட்டு "எஷேச்சே" என்று முடித்தால், "அண்ணன் வந்தான்" என்று சொன்னதற்குச் சமம். வீட்டில் தம்பி அப்படிச் சொல்லலாம். ஆலையில் சொல்லலாமா?

கரோல் பாக்:

இவ்வளவு குழப்பம் எதற்கு? "ஜி" என்று ஒன்று இருக்கிறதே. டெல்லியில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தேன். சர்மாஜி, டாக்டர்ஜி, மாதாஜி, சர்தார்ஜி. குடும்பப் பெயரோடு ஒட்டும், சொந்தப் பெயரோடு ஒட்டும், தொழிலோடும் உறவோடும் ஒட்டும். மதமும் கேட்காது, வயதும் கேட்காது. காந்திஜி, நேதாஜி, மொரார்ஜி என்று நாடு முழுவதும் சொல்கிறார்களே.

நான் ஒரே ஒரு முறை தவறினேன். மேல்மாடியில் இருந்த பெரியவரைக் காவலாளியிடம் விசாரிக்கும்போது, அவசரத்தில் "சர்மா ஆயா க்யா" என்று கேட்டுவிட்டேன். அவர் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் என்னை "நீங்கள்" என்பதிலேயே நிறுத்திக்கொண்டார். அதுவரை மகனைப் போல "பேட்டா" என்று அழைத்தவர்.

லேக் மார்க்கெட் அத்தை:

கரோல் பாக், உங்கள் கதையே உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. "சர்மாஜி ஆயா" என்று நீங்கள் கேட்டிருந்தாலும் அவர் முகம் அப்படித்தான் ஆகியிருக்கும். "ஆயே" என்று வினையும் மாற வேண்டும். ஒருவர்தான் என்றாலும் பலரைச் சொல்வது போல. அப்புறம், வங்காளத்தில் வங்காளியை "ஜி" என்று கூப்பிட்டால் இந்திக்காரர் பேசுவது போல இருக்கும். அவமதிப்பு இல்லை, ஆனால் தூரம் தெரியும். நேதாஜி என்பது பட்டமாக நிலைத்துவிட்டது. அதை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரை போஸ்ஜி என்று கூப்பிட முடியாது.

மணிநகர் மீனா:

மொரார்ஜியில் இருக்கும் "ஜி" மரியாதைக்குச் சேர்த்தது அல்ல. அது அவருடைய பெயரின் பகுதி. அதனால்தான் குஜராத்தில் அவரை "மொரார்ஜிபாய்" என்றார்கள். ஜி உள்ளே இருக்கும்போதே பாய் தனியாக வந்து ஒட்டுகிறது. விக்ரம் சாராபாயையும் பாருங்கள். அந்தப் பெயரின் கடைசியில் வரும் பாய் குடும்பப் பெயருக்குள் இருப்பது. உடன் வேலை செய்தவர்கள் அவரை "விக்ரம்பாய்" என்றே அழைத்தார்கள். குஜராத்தில் பாய், பென் இரண்டும் சொந்தப் பெயரோடுதான் வரும். பட்டேல்பாய் என்று குடும்பப் பெயரில் ஒட்டினால், பெயர் தெரியாத ஒருவரைக் கூப்பிடுவது போல இருக்கும். அங்கே பாய் என்பதில் மதம் இல்லை.

என் அனுபவம் வேறு. நான் அகமதாபாத்தில் பள்ளியில் சேர்ந்தபோது, எழுத்தர் என் பெயரை "மீனாட்சிபென்" என்று பதிவேட்டில் எழுதிவிட்டார். பக்கத்தில் அப்பா பெயர் "சுந்தரம்பாய்". அன்போடு எழுதியதுதான். அங்கே ஒரு பெண்ணை வெறும் பெயரால் எழுத அவருக்குக் கை வரவில்லை. பிறப்புச் சான்றிதழிலோ வெறும் மீனாட்சி. பாஸ்போர்ட்டுக்குப் போனபோது, மதிப்பெண் பட்டியலில் இருப்பவர் வேறு ஆள் என்பது போலக் கேட்டார்கள். "பென் என்பது பெயர் அல்ல, மரியாதை" என்று அந்தச் சன்னலில் நின்று சொன்னேன். உள்ளே இருந்தவரும் குஜராத்திதான். அவருக்குத் தெரியாதா? "எனக்குத் தெரியும் பென், கணினிக்குத் தெரியாது" என்றார்.

குஜராத்தில் குழந்தையைச் சேர்க்கப் போகிறவர்கள் கவனியுங்கள். சேர்க்கைப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள், எழுத்தரிடம் விடாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுத்து எழுத்தாக எழுதுங்கள். அப்பா பெயருக்கான இடத்தையும் பாருங்கள், பாய் அங்கேதான் சத்தமில்லாமல் நுழையும். ஒருமுறை நுழைந்தால் பள்ளிச் சான்றிதழ், கல்லூரி, வங்கி என்று எல்லாவற்றிலும் தொடரும். பிறகு ஒன்றைத் திருத்தி மற்றதோடு பொருத்த வேண்டும். நான் பள்ளிச் சான்றிதழைத் திருத்தப் பார்த்து முடியாமல், கடைசியில் அரசிதழில் வெளியிட வேண்டியதாயிற்று. என் தோழி மாற்று வழியில் போனாள். எல்லா ஆவணங்களிலும் பென் சேர்த்துக்கொண்டாள். இப்போது அது அவளுடைய பெயர்தான். வெளிநாட்டு விமான நிலையத்தில் அவளைப் பென் என்று அழைக்கிறார்கள். அவர்களுக்கு அது அக்கா என்று தெரியாது.

விடுதி 14:

அத்தை சொன்னதில் ஒன்றை ஏற்க மாட்டேன். கொல்கத்தாவில் முஸ்லிம் மூத்தவர்களையும் தா என்று அழைக்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழக விடுதியில் அப்படித்தான். எல்லைக்கு அப்பால் உள்ள வழக்கத்தை இந்தப் பக்கத்துக்கும் சேர்த்து விதியாக எழுத வேண்டாம்.

என்னை உறுத்துவதும் இதுதான். சேர்ந்த புதிதில், முர்ஷிதாபாத்திலிருந்து வந்த ஒரு மூத்த மாணவரிடம் "உங்களை பாய் என்பதா, தா என்பதா?" என்று கேட்டேன். கேட்டுக்கொள்வதே பண்பு என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அவர் கொசுவலையைக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சை முடித்துவிட்டுத் திரும்பி, "இந்த அறையில் நாங்கள் நான்கு பேர். மற்ற மூவரிடமும் கேட்டாயா?" என்றார். கேட்கவில்லை. அன்றிலிருந்து தா என்றே அழைத்தேன். அதுதான் அவர் விரும்பியதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

லேக் மார்க்கெட் அத்தை:

விடுதித் தம்பி சொல்வது உண்மை. கல்லூரி, கட்சி, நாடகக் குழு என்று ஒன்றாகப் புழங்கும் இடங்களில் தா எல்லோருக்கும் பொதுவாகிவிடும். நான் சொன்னது தெருவும் வங்கிக் கிளையும். ஒன்று மட்டும்: செல்லப் பெயரோடு தா சேர்ப்பது நெருங்கியவர்களுக்குத்தான். சத்யஜித் ராயின் வீட்டுப் பெயர் மாணிக். உடன் பணியாற்றியவர்களுக்கு அவர் "மாணிக்தா". அந்தப் பெயர் தெரிந்துவிட்டது என்பதற்காக முதல் சந்திப்பிலேயே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

கரோல் பாக்:

மொரார்ஜி விஷயத்தில் மீனா சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும் தெரியாத ஊரில், தெரியாத மனிதரிடம் என்ன செய்வது? "சார்" என்று சொல்லிவிட்டுப் போகலாமே. நாடு முழுவதும் புரியும்.

திருப்பூர் பின்னல்:

சார் என்பதை அந்த ஆலையில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் சொல்வார்கள். நான் வாங்குபவரின் ஆள். நான் சொன்னால், கணக்கைப் பிரித்து வைப்பது போல ஆகிவிடும். அன்றைக்குப் பிறகு ரஃபீக் பாய் என்றே சொன்னேன். அத்தை சொன்ன "ன்" என் வாயில் நிலைக்க ஓராண்டு ஆனது.

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று இரவு சுப்ரதோதாவை அழைத்தேன். ஆறு ஆண்டுகளில் இதை நான் கேட்டதே இல்லை. அந்தக் கூட்டத்தை, அந்தப் பனியன் மாதிரிகளை, ரஃபீக் பாய் கை காட்டியதைச் சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு நாளே அவருக்கு நினைவில்லை. "ரஃபீக் பாய்க்கு நினைவிருக்கலாம், அவரைக் கேள்" என்று சொல்லிவிட்டு, திருப்பூரில் நூல் விலை என்ன என்று விசாரித்தார்.