சர்க்கரை ஏன் கண், கிட்னி, கால் என்றே போகிறது?

கோத்தகிரி, 41 வயது: போன வாரம்தான் சர்க்கரை என்று தெரிந்தது. மூன்று மாதச் சர்க்கரை சராசரி, அதாவது HbA1c, 9.2 சதவீதம். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கணும், யூரினில் அல்புமின் என்ற புரதம் பார்க்கணும், காலைக் காட்டணும் என்கிறார் டாக்டர். ரத்தம் உடம்பு முழுக்கத்தானே ஓடுகிறது?

ஊட்டி மாமா: ரத்தம் பாகு மாதிரி கெட்டியாகி, மெல்லிய குழாய்களில் அடைத்துக்கொள்ளும் தம்பி.

குன்னூர், ஓய்வுபெற்ற நர்ஸ்: மெல்லிய குழாய் என்றது சரி அண்ணா, பாகுதான் இடிக்கிறது. சர்க்கரை 200 என்றால் ஒரு லிட்டருக்கு 2 கிராம். டீ ஸ்பூனில் பாதிகூட வராது.

தசை, இன்சுலின் வந்தால்தான் சர்க்கரையை நிறைய இழுக்கும். விழித்திரையின் நுண்குழாய்க்கும், கிட்னி வடிகட்டிக்கும், நரம்புக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ரத்தத்தில் ஏறினால் உள்ளேயும் ஏறும். மிஞ்சியது சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாறும், புரதங்களில் ஒட்டும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் குழாய்ச்சுவர் தடிக்கும், ஆனாலும் கசியும். கிட்னியில் கசிவதுதான் அந்த அல்புமின். கிட்னிக்கு ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் நார்மலாக இருக்கும்போதே இது தெரிந்துவிடும். கண்ணில் கசிவு நடுப்பகுதியைத் தொடும்வரை பார்வை நன்றாகவே இருக்கும்.

கொடைக்கானல்: அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை ஆரம்பித்ததும் கண்ணாடி மாற்றினோம். ஒரு மாதத்தில் மறுபடி மங்கல். அந்தக் கசிவா?

குன்னூர் நர்ஸ்: அநேகமாக வேறு. சர்க்கரை ஏறி இறங்கும்போது லென்ஸில் நீர் கூடிக் குறையும், பவர் மாறும். சர்க்கரை நிலைப்பட்ட பிறகு கண்ணாடி போடுங்கள். விழித்திரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கூடலூர், எஸ்டேட் குடும்பம்: அப்பாவுக்கு இரண்டு பாதமும் மரத்துப்போகும். குளிர் என்றே விட்டோம். ஒருநாள் அடுப்போரம் கால் நீட்டி உட்கார்ந்தார். எழுந்தபோது பாதத்தில் கொப்புளம், அவருக்கு வலியே தெரியவில்லை.

குன்னூர் நர்ஸ்: நம் மலையில் அடிக்கடி நடப்பதுதான் இது. இடுப்பிலிருந்து கால்விரல்வரை போகும் நரம்புதான் ரொம்ப நீளம், அதனால் அங்கேதான் முதலில் போகும். குளிரால் மரத்தால், சூடு ஏறியதும் சரியாகும். இது ஆகாது.

கோத்தகிரி: இப்போது இறக்கினால் திரும்புமா?

குன்னூர் நர்ஸ்: ஆரம்ப அல்புமின் குறையலாம். மரத்த கால் முழுசாகத் திரும்புவது அபூர்வம். 1998-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் HbA1c சராசரி 7.9 இருந்த கூட்டத்தைவிட 7.0-இல் இருந்தவர்களுக்கு நுண்குழாய்ப் பாதிப்பு கால்பங்கு குறைவு. பத்து வருஷக் கணக்கு அது.

ஊட்டி மாமா: எனக்கு 25 வருஷமாக 9-க்குக் கீழே இறங்கியதே இல்லை. கண் பளிச்சென்று இருக்கிறதே?

குன்னூர் நர்ஸ்: அப்படியும் சிலர் உண்டு அண்ணா. பரம்பரை, பிபி எல்லாம் சேர்கிறது. யாருக்குத் தப்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உங்கள் விழித்திரையைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்?

கோத்தகிரி: நாளைக்கே யூரின் கொடுக்கலாமா? லேசாகக் காய்ச்சல் இருக்கிறது.

குன்னூர் நர்ஸ்: வேண்டாம், காய்ச்சலிலும் அல்புமின் ஏறும். விட்டதும் காலை முதல் யூரின் கொடுங்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்கு மேல் வந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.