புதுப்பிப்பு: இரவுப் பணிச் சிறுகதையின் முடிவு

முன்பு நான் கேட்டது: "இரவுப் பணியில் களைத்தவன் பந்தய விளம்பரத்தைப் பார்த்துவிட்டு விலகிப் போகிறான். முடிவு நம்பும்படி இல்லை. எங்கே தவறு?"

தவறு முடிவில் இல்லை, நேரத்தில். முதலில் எழுதியபோது விளம்பரம் இரவு 11 மணிக்கு வந்தது. இப்போது அதை அதிகாலை 4 மணிக்கு மாற்றியாயிற்று. செவிலியர் ஒருவர் சொன்னார்: உடல் வெப்பம் மிகவும் தணியும் வேளை அது, தூக்கமில்லாதவனுக்கு வரவு பெரிதாகத் தெரியும், இழப்பு உறைக்காது. அதனால் "மன உறுதியோடு மறுத்தான்" என்ற வரியை வெட்டியாயிற்று. அந்த நேரத்தில் அவனிடம் இல்லாத சரக்கு அது.

"விளம்பரம் தர்ற இலவசப் பந்தயத்தில் நஷ்டமே இல்லையே, ஏன் விலகணும்?" என்றார் இன்னொருவர். பாதி சரி. 2.0 விகிதத்தில் சொந்தப் பணம் 100 வைத்து ஜெயித்தால் 200 வரும். இலவசப் பந்தயத்தில் பெரும்பாலும் 100தான், வைத்த தொகை திரும்பாது. அதைப் பெறவே முதலில் சொந்தப் பணம் கட்டச் சொல்வதும் உண்டு.

கதையில் அவன் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. பொடி எழுத்து நிபந்தனையை மூன்று முறை படிக்கிறான். ஒரு சொல்லும் மண்டையில் ஏறவில்லை. அதுதான் அவனை நிறுத்துகிறது. போனை லாக்கரில் கவிழ்த்து வைத்துவிட்டு, முகம் கழுவப் போகிறான்.

"என் தம்பியும் நைட் ஷிப்ட்தான், கடனை எப்படி அடைக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கதையில் கடன் இல்லை, ஆனாலும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

மறுநாளும் அதே விளம்பரம் வருமே, அதைக் காட்டுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை.