“உங்கள் கணக்குப்படியே இது கட்டுப்படியாகவில்லையே?” – நிராகரிக்கப்பட்ட ஒரு டெக் டெப்ட் டிக்கெட்

பழைய_கமிட்

எங்கள் பேக்லாக்கில் “விலைக் கணக்கீட்டை ஒன்றாக்குதல்” என்ற டிக்கெட் மூன்று காலாண்டுகளாகக் கிடந்தது. கார்ட், பில், ரீஃபண்ட் ஆகிய மூன்று இடங்களிலும் தள்ளுபடியைக் கணக்கிடும் நிரல் தனித்தனியே இருந்ததால், ஒரு புதிய விதியைச் சேர்க்க வேண்டுமென்றால் மூன்று இடங்களில் சேர்த்து, மூன்று முறை சோதித்து, அதன் பிறகும் எங்கோ ஒன்றில் தவறுவோம். எங்கள் பிராடக்ட் ஓனர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “இது முடிந்த பிறகு பயனருக்கு என்ன மாறும்?” எதுவும் மாறாது என்பதுதான் உண்மையான பதில் என்பதால் டிக்கெட் கீழே இறங்கிவிடும்.

நான்காவது முறை நான் எண்களோடு போனேன். எந்தக் கோப்புகள் அடிக்கடி மாறுகின்றன என்பதை முதலில் எடுத்தேன்:

```
git log --since="6 months ago" --name-only --pretty=format: | sort | uniq -c | sort -rn | head -20
```

விலைக் கணக்கீட்டுக் கோப்புகள் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தன. அவற்றைத் தொட்ட 9 டிக்கெட்டுகளையும் திறந்து, நாங்கள் மதிப்பிட்ட நாட்களையும் உண்மையில் பிடித்த நாட்களையும் அருகருகே எழுதினேன். மதிப்பீடு மொத்தம் 27 நாட்கள், பிடித்ததோ 61. கூடுதலான 34 நாட்களில் 11 நாட்கள் தேவை நடுவில் மாறியதால் வந்தவை என்று நானே கழித்துவிட்டேன். மீதமுள்ள 23 நாட்களும் இந்த மும்மடங்கு வேலையால் போனவை என்றும், ஒன்றாக்க 12 நாட்கள் ஆகும் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்து 23-ஐ 9-ஆல் வகுத்தார். “ஒரு டிக்கெட்டுக்கு ஏறக்குறைய இரண்டரை நாட்கள் வீணாகின்றன. அடுத்த காலாண்டில் விலை தொடர்பாக மூன்று அம்சங்கள்தான் இருக்கின்றன. ஏழரை நாட்களை மிச்சப்படுத்த 12 நாட்களைச் செலவிடச் சொல்கிறீர்கள். உங்கள் கணக்குப்படியே இது கட்டுப்படியாகவில்லையே?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது கேள்வி வந்தது: “27 என்று மதிப்பிட்டு 61-இல் முடித்த அதே குழுதானே இந்த 12-ஐயும் சொல்கிறது?”

குழு முழுவதும் அமர்ந்திருந்த கூட்டம் அது. என்னிடம் பதில் இல்லை. அந்தத் தாளில் அவர் போட்ட வகுத்தல் கோடு இன்னும் என் கண்முன் நிற்கிறது. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நான்காவது_ஸ்பிரிண்ட்

நீங்கள் செய்த பிழை அனுமதி கேட்டதுதான். எங்கள் குழுவில் ஒவ்வொரு ஸ்பிரிண்ட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு நேரம் டெவலப்பர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் எதைச் சரிசெய்கிறோம் என்று பிராடக்ட் ஓனர் கேட்பதில்லை. நானும் ஒரு முறை இப்படி ஒரு டிக்கெட்டுக்காக வாதாடித் தோற்றேன், அதன் பிறகுதான் இந்த ஏற்பாடு வந்தது.

உங்களுக்கு என் ஆலோசனை இது. அடுத்த காலாண்டுத் திட்டமிடலில் தனி டிக்கெட்டுகளைப் பற்றிப் பேசாமல், ஒதுக்கீட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள். விகிதம் ஒரு முறை முடிவாகிவிட்டால் ஒவ்வொரு வேலைக்கும் நியாயம் சொல்லும் சுமை உங்களுக்கு இல்லை. அந்த நேரத்தை யார் எடுப்பது என்பதைச் சுழற்சி முறையில் வையுங்கள். ஒரு ஸ்பிரிண்ட்டில் முடியாத வேலையை அடுத்ததற்குக் கொண்டுபோகலாம் என்பதையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். பெரிய வேலைகளைத் துண்டுகளாக்கி இந்த நேரத்துக்குள் போட்டுவிட்டால், யாரும் உங்கள் முன் தாளை எடுத்து வகுக்க மாட்டார்கள்.

இரவுப்_பணி

மேலே சொன்ன ஒதுக்கீடு எங்களிடமும் இருந்தது. முதல் இரண்டு ஸ்பிரிண்ட்டுகள் நன்றாக ஓடியது. மூன்றாவதில் ஒரு ரிலீஸ் தள்ளிப்போகும் நிலை வந்ததும் “இந்த ஒரு முறை மட்டும்” என்று அந்த நேரத்தை எடுத்துக்கொண்டார்கள், பிறகு அது திரும்பி வரவே இல்லை. அதில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாததுதான் காரணம். பெயரில்லாத நேரத்தை எடுத்தால் யாருக்கும் வலிக்காது.

அதன் பிறகு நாங்கள் செய்தது இன்னும் மோசம். சுத்தப்படுத்தும் வேலையை அம்சங்களின் மதிப்பீட்டுக்குள்ளேயே ஒளித்துவைத்தோம். மூன்று நாள் வேலைக்கு ஐந்து என்போம். ஒரு நாள் டெமோவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், “இந்தத் திரை இரண்டு நாட்களில் முடிந்துவிட்டது, மீதி நேரத்தில் பழைய சர்வீஸைப் பிரித்தோம்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். பிராடக்ட் ஓனர் தலையசைத்தார், ஒன்றும் பேசவில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து நாங்கள் சொல்லும் எந்த எண்ணையும் அவர் பாதியாக்கித்தான் கேட்டார். உண்மையான ஐந்துக்கும் அதே கதிதான். ஆகவே வகுத்தல் போடாத பிராடக்ட் ஓனர் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். போடுபவரோடு குறைந்தபட்சம் பேச முடிகிறது.

ஓரெழுத்துப்_பிழை

முதலில் உங்கள் கட்டளையில் ஒரு சிறு திருத்தம். அது கமிட்டுகளுக்கு இடையிலுள்ள வெற்று வரிகளையும் எண்ணும் என்பதால் பட்டியலின் உச்சியில் பெயரில்லாத ஒரு பெரிய எண் நிற்கும். `sort`-க்கு முன்னால் `grep .` சேர்த்தால் போய்விடும். பெயர் மாற்றப்பட்ட கோப்பு இரண்டு பெயர்களில் பிரிந்து வரும், package-lock.json போன்ற லாக் கோப்புகள் காரணமின்றி மேலே ஏறும். இவற்றைக் கையால்தான் களைய வேண்டும். கூட்டத்தில் யாராவது இதைக் கேட்டிருந்தால் உங்கள் மற்ற எண்களும் சேர்ந்து ஆட்டம் கண்டிருக்கும்.

இப்போது அந்த வகுத்தல். நிரலாளர் வார்ட் கன்னிங்ஹாம் 1992-இல் டெக் டெப்ட் என்ற இந்தக் கடன் உவமையைச் சொன்னபோது அவர் மனத்தில் இருந்தது அலட்சியமாக எழுதிய நிரல் அல்ல. அன்றைய புரிதலோடு விரைவாக வெளியிட்டுவிட்டு, புரிதல் வளர்ந்ததும் திரும்பி எழுதுவதையே அவர் கடனை அடைப்பது என்றார். உவமையில் எனக்குப் பயன்படும் பகுதி வட்டிதான். வங்கிக் கடனுக்குத் தொட்டாலும் தொடாவிட்டாலும் வட்டி ஏறும், நிரலிலோ நீங்கள் அந்த இடத்தைத் தொடும்போது மட்டுமே செலுத்துகிறீர்கள். உங்கள் பிராடக்ட் ஓனர் வகுத்தது அந்த வட்டியைத்தான், சரியாகவே வகுத்தார். மூன்று இடங்களும் சமமாக வட்டி கேட்கின்றனவா என்று நீங்கள் பிரித்துப் பார்க்காததே குறை. அந்த 23 நாட்களில் ரீஃபண்ட் தின்றது எத்தனை?

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. 12-ஐ நம்பச் சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை, எனவே 12-ஐக் கேட்கவே கூடாது. இதே போன்ற ஒரு வேலையில் நான் இரண்டு நாட்களை மட்டும் கேட்டேன். அந்த இரண்டு நாட்களில் எதையும் மாற்றவில்லை. பழைய ஆர்டர்களை எடுத்து, இருவேறு கணக்கீட்டு நிரல்களுக்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து, விடை வேறுபடும் ஆர்டர்களை மட்டும் பட்டியலிட்டேன். ஒன்று தள்ளுபடியை ஒவ்வொரு பொருளுக்கும் முழுமையாக்கியது, மற்றொன்று மொத்தத் தொகைக்கு முழுமையாக்கியது. 9.95 விலையுள்ள மூன்று பொருட்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி என்றால், முதல் முறையில் பொருளுக்கு 0.995 என்பது 1.00 ஆகி மொத்தம் 3.00 வரும். இரண்டாவது முறையில் 29.85-க்கு 2.985 என்பது 2.99 ஆகும். 0.01 வித்தியாசம்தான், ஆனால் கார்ட்டில் பார்த்த தொகையும் பில்லில் வந்த தொகையும் ஒன்றல்ல என்று வாடிக்கையாளர் எழுதுவது இதனால்தான். அந்தப் பட்டியலைக் காட்டியபோது “பயனருக்கு என்ன மாறும்” என்ற கேள்வி எழவில்லை. எந்த முழுமையாக்கல் சரி என்பதே பிராடக்ட் ஓனர் எடுக்க வேண்டிய முடிவாகிவிட்டது. அந்தப் பட்டியல் காலியாக வந்திருந்தால் நானே டிக்கெட்டை மூடியிருப்பேன்.

தேதி_இருந்தால்_போதும்

எங்களுக்கு இந்தச் சிக்கலே வரவில்லை. MySQL 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிகிறது, அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று ஒரே வரி எழுதினேன். அதே கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது. டிக்கெட்டில் ஒரு கெடுதேதியைப் போடுங்கள், அவ்வளவுதான்.

இரவுப்_பணி

அந்தத் தேதியை வெளியிலிருந்து வேறொருவர் குறித்துக் கொடுத்தார். மும்மடங்கு நிரலுக்கு யார் தேதி குறிப்பார்கள்? நாமே ஒரு தேதியைப் போட்டு அது அமைதியாகக் கடந்துபோனால், அடுத்த முறை உண்மையான தேதியையும் நம்ப மாட்டார்கள்.

மறுபக்க_நாற்காலி

நான் பிராடக்ட் ஓனராக இருக்கிறேன், அந்தத் தாளில் வகுத்தவர் நானில்லை என்றாலும் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஒரு முறை “இந்த மாட்யூலைத் தொடவே பயமாக இருக்கிறது” என்று மட்டும் எழுதிய டிக்கெட்டை நான் தள்ளிவைத்தேன். ஆறு வாரங்கள் கழித்து அதே மாட்யூலில் ஒரு அம்சம் சிக்கி நின்றபோது, “அன்றே சொன்னோமே” என்றார்கள். சொன்னார்கள்தான். ஆனால் எந்த அம்சம் சிக்கும் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அம்சத்துக்கு முன்னால் இதை வைத்திருப்பேன். வரிசையை மாற்றுவது மட்டுமே என் கையில் இருக்கிறது. எதற்கு முன்னால் எது வரவேண்டும் என்று தெரியாமல் அதை எப்படி மாற்றுவது? அந்த “அன்றே சொன்னோமே” இன்னும் உறுத்துகிறது.

ஓரெழுத்துப்_பிழை சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். இரண்டு நாட்கள் கேட்டு வருபவர்கள் மூன்றாவது நாளும் வருவார்கள்.

பழைய_கமிட்

நடந்த மீதியையும் சொல்லிவிடுகிறேன். அன்று இரவே 9 டிக்கெட்டுகளையும் மீண்டும் திறந்து பார்த்தேன். 23 நாட்களில் 17 நாட்கள் கார்ட்டுக்கும் பில்லுக்கும் இடையிலான முரண்பாட்டால் போனவை. ரீஃபண்ட் நிரல் அசிங்கமாக இருந்தாலும் அதனால் அதிகம் இழக்கவில்லை. உண்மையில் அதன் மீதுதான் எனக்குக் கோபம் அதிகமாக இருந்தது, அதனாலேயே அதை முதலில் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். கார்ட்டையும் பில்லையும் மட்டும் இணைக்க 5 நாட்கள் என்று மதிப்பிட்டோம். வரவிருந்த மூன்று அம்சங்களில் அது மிச்சப்படுத்துவது அதே கணக்குப்படி ஏறக்குறைய 5.7 நாட்கள். தனி டிக்கெட்டாக இல்லாமல் கூப்பன் அம்சத்தின் முதல் வேலையாக வைத்தால் சம்மதம் என்று பிராடக்ட் ஓனர் சொன்னார்.

5 நாட்கள் என்றது 7 நாட்களில் முடிந்தது. அதாவது அவருடைய இரண்டாவது கேள்வி சரிதான், இந்தக் காலாண்டுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் நாங்கள் நஷ்டத்தில் நிற்கிறோம். கூப்பன் அம்சத்தின் மீதி வேலை மதிப்பிட்ட நாளில் முடிந்தது. அது இணைத்ததால்தானா, அல்லது இந்த முறை எல்லோரும் கவனமாக மதிப்பிட்டதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவரும் கேட்கவில்லை.

முழுமையாக்கல் பற்றிய பட்டியலை நாங்கள் எடுக்கவே இல்லை. நாளைக் காலை எடுத்துப் பார்க்கிறேன்.