இரண்டு கையெழுத்து இருக்க, ஜேர்னல் எதற்கு?

குளத்தடி: கிளிநொச்சியில் ஒரு அரிசி ஆலைக் கம்பனியில் கணக்கு எழுதுகிறேன். எந்தக் கொடுப்பனவுக்கும் இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும். கணக்காய்வுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து நல்லது என்றார்கள், அப்புறம் முழு வருட ஜேர்னலையும், அதாவது கணக்கில் போட்ட எல்லாப் பதிவுகளையும் கேட்கிறார்கள். எங்கள் முகாமையாளரில் சந்தேகமா?

பரந்தன்காரன்: தேவையில்லாத வேலை. மோசடி முக்கோணம் என்று ஒன்று இருக்கிறது. நெருக்கடி, வாய்ப்பு, மனதுக்குச் சொல்லிக்கொள்ளும் நியாயம் மூன்றும் சேர்ந்தால்தான் மோசடி. உங்கள் முகாமையாளருக்குக் கடன் இல்லை என்றால் ஒரு பக்கம் அங்கேயே உடைந்துவிட்டது.

பச்சைப்பேனை: முக்கோணம் சரி, முடிவு பிழை. குற்றவியல் ஆய்வாளர் டொனால்ட் கிரெஸி சிறையில் இருந்தவர்களிடம் பேசித்தான் அந்த விளக்கத்தை 1953இல் வெளியிட்டார். பிடிபட்ட பிறகு கேட்டால் மூன்றும் தெரியும். முன்கூட்டி வருகிற கணக்காய்வாளருக்கு மூன்றாவது பக்கம் தெரியாது. நெருக்கடி வீட்டுக் கடனாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, வங்கி கேட்கும் இலாபமும் நெருக்கடிதான். அதனால் கட்டுப்பாட்டை முகாமைத்துவம் மீறும் அபாயம் எல்லா நிறுவனத்திலும் உண்டு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது கணக்காய்வு நியமம் 240. தம்பி, அது உங்கள் ஆளில் வந்த சந்தேகம் இல்லை.

நான் பார்த்த ஓர் ஆலையில் மார்ச் 31 இரவு 60 லட்சம் ரூபா விற்பனை ஏறியிருந்தது. பதிந்தது முகாமையாளரின் பயனர் பெயர், அவர் வழக்கமாக எதையும் பதிவதில்லை. விபரம் எழுதவில்லை. கிலோ 200 ரூபா என்றால் அது 30 டொன் அரிசி. தராசுத் துண்டும் இல்லை, லொறி வெளியேறிய பதிவும் இல்லை, இருப்பும் குறையவில்லை. ஏப்ரலில் அதே தொகை திருப்பி எழுதப்பட்டிருந்தது. காசு எதுவும் வெளியே போகவில்லை, ஆகவே இரண்டு கையெழுத்துக்கு அங்கே வேலையே இல்லை.

நெடுங்கேணி: எங்கள் சங்கத்தில் காசாளர் காசை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு கையெழுத்து இருந்திருந்தால் தப்பியிருப்போம்.

பச்சைப்பேனை: இருக்கலாம் அண்ணை, ஆனால் அது வேறு கதை. காசாளரைக் கட்டுப்பாடு தடுக்கும். கட்டுப்பாட்டைப் போட்டவரையே அது எப்படித் தடுக்கும்?

பரந்தன்காரன்: சரி, மார்ச் மாத ஜேர்னலைப் பார்த்தால் போதாதா? முழு வருடமும் என்றால் கட்டணம் யார் தருவது?

பச்சைப்பேனை: வருட முடிவுப் பதிவுகளைக் கட்டாயம் சோதிக்க வேண்டும், மற்ற மாதங்கள் தேவையா என்பதை அவர்கள் யோசித்து முடிவெடுக்க வேண்டும். கேட்பது எல்லாவற்றையும் வாசிப்பதற்காக இல்லை. தொடக்க மீதியுடன் முழுப் பதிவுகளையும் கூட்டினால் இறுதி மீதி வருகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். வராவிட்டால் ஏதோ விடுபட்டிருக்கிறது. பிறகுதான் நான் சொன்ன மாதிரி வழக்கமில்லாத பதிவுகளை வடிகட்டி எடுப்பார்கள். அதோடு அறவிடமுடியாக் கடனுக்குப் போன வருடம் ஒதுக்கியதையும் உண்மையில் வராமல் போனதையும் ஒப்பிடுவார்கள், வழக்கமில்லாத பெரிய கொடுக்கல் வாங்கலுக்குக் காரணம் கேட்பார்கள்.

பரந்தன்காரன்: நாலு பேர் வேலை செய்யும் ஆலைக்கு இது கூடத்தான். நான் மாறவில்லை.

குளத்தடி: முழுவதையும் எடுத்துக் கொடுக்கிறேன். ஒன்று மட்டும்: எங்கள் முகாமையாளர்தான் முதலாளியும். ஏதாவது பிடிபட்டால் யாரிடம் சொல்வார்கள்?

பச்சைப்பேனை: அங்கேதான் சிக்கல். மேலே வேறு இயக்குநர் இருந்தால் அவரிடம். இல்லாவிட்டால் சட்ட ஆலோசனை எடுத்து, வேலையை விட்டு விலகுவதையும் யோசிப்பார்கள்.