சீன மொழியில் 'பெய்' எங்கே போடுவது? ஐந்தில் நான்கு தப்பாகிவிட்டது

மழைத்துளி:
ஒரு வருடமாகச் சீனம் படிக்கிறேன். ஆங்கிலத்திலிருந்து ஐந்து வாக்கியங்களைச் சீனத்துக்கு மாற்றச் சொன்னார்கள். ஐந்துமே செயப்பாட்டு வினை.

கடிதம் அனுப்பப்பட்டுவிட்டது.
படிவம் வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பப்பட வேண்டும்.
ஊஹானின் யாங்சி பாலம் 1957-இல் கட்டி முடிக்கப்பட்டது.
அவர் வெளியேறும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்.
என் சைக்கிள் திருடப்பட்டது.

சீனத்தில் செயப்பாட்டு வினையைக் காட்டும் சொல் 'பெய்' என்று படித்திருந்ததால், 'படு' வரும் இடத்தில் எல்லாம் அதைப் போட்டேன். ஆசிரியை சைக்கிளை மட்டும் விட்டுவைத்து மற்ற நான்கிலும் 'பெய்'யை அடித்துவிட்டார். காரணம் எழுதவில்லை. இலக்கணப்படி என்ன தப்பு?

கரிசல்காடு:
'பெய்' கெட்ட செய்திக்கு மட்டும்தான். திருட்டு, அடி, திட்டு. மற்ற இடத்தில் வராது. அவ்வளவுதான்.

தேன்சிட்டு:
ஆங்கிலக் கட்டுரையிலும் செயப்பாட்டு வினை வேண்டாம் என்றுதான் எங்கள் சார் சொல்வார். எழுவாயைக் கண்டுபிடித்து முன்னால் வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

மழைத்துளி:
தேன்சிட்டு, நான் கேட்பது சீன வாக்கியம் பற்றி. கடிதத்தை யார் அனுப்பினார் என்றே தெரியாதே, எந்த எழுவாயை வைப்பது?

பழைய அகராதி:
யாரையும் வைக்க வேண்டாம். தமிழில் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்? "லெட்டர் அனுப்பியாச்சு." சீனமும் அப்படியே: "ஷின் இஜிங் ஜி ச்சுச்சு லெ." கடிதம், ஏற்கெனவே, அனுப்பி வெளியே போயாச்சு. கடிதம் தன்னைத்தானே அனுப்பிக்கொள்ளாது என்பது கேட்பவருக்குத் தெரியும். அதனால் 'பெய்'க்கு வேலை இல்லை. போட்டால், அனுப்பக்கூடாத கடிதத்தை யாரோ அனுப்பிவிட்ட மாதிரி ஒரு வாடை வரும்.

அப்புறம், "தா பிப்பிங் லெ" என்றால் அவர் கண்டித்தார். "தா பெய் பிப்பிங் லெ" என்றால் அவர் கண்டிக்கப்பட்டார். எழுவாய் மனிதர்; அவரே செய்திருக்கவும் முடியும். இங்கே 'பெய்'யை எடுத்தால் அர்த்தம் தலைகீழாகிவிடும். எனவே முதலில் கேட்க வேண்டியது, முன்னால் நிற்பது தானே அந்தக் காரியத்தைச் செய்யக்கூடியதா என்று.

"ஜி பு ச்ச லெ" என்று ஒரு பிரபலமான வாக்கியம் உண்டு. கோழி இனித் தின்னாது, கோழியை நாம் இனிச் சாப்பிடவில்லை, இரண்டு அர்த்தமும் வரும். தமிழில் "கோழி சாப்பிடலை" என்று சொல்லிப் பாருங்கள், அதே குழப்பம்!

மற்ற மூன்றையும் பார்ப்போம். படிவத்துக்கு "ச்சிங் ஸாய் ஷிங்ச்சிவூ இச்சியென் தியென் ஹாவ் பியாவ்", அதாவது வெள்ளிக்கு முன் படிவத்தை நிரப்புங்கள். நேரடியாகக் கேட்பதுதான் இயல்பு. வெளியேற்றியதற்கு "யோவ் ரென் ச்சிங் தா லிகாய்". 'யோவ் ரென்' என்பது நம்முடைய 'யாரோ'. பாலத்துக்கு 'ஷி ... த' போதும்: பாலம் 'ஷி' 1957-இல் கட்டி முடித்தது 'த'. பாலம் இருப்பது தெரிந்த விஷயம், ஆண்டுதான் செய்தி. 'ஷி' அந்த ஆண்டின் மேல் விரல் வைத்துக் காட்டுகிறது.

கரிசல்காடு, உங்கள் விதி பாதி சரி. 'பெய்'க்குப் பழைய பொருள் மேலே போர்த்துவது, அப்புறம் ஆளாவது, அனுபவிப்பது. இன்றும் ரஜாய்க்குப் பெயர் 'பெய்ஸ்'. நம் 'படு'வும் துன்பப்படு, அவதிப்படு என்று வருகிறதே. ஆனால் "தா பெய் ஷுவான் வெய் பான்ஜாங்", அவர் வகுப்புத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது இன்று சாதாரணம். ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்த மொழிபெயர்ப்புகளால் இப்படிப் பரவியது என்று வாங் லி போன்ற இலக்கண அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள்.

துறைமுகம்:
நான் ஷென்ஷெனில் பொருள் வாங்கும் வேலையில் இருக்கிறேன். முன்பணம் கட்டியாச்சு என்று சொல்ல "திங்ஜின் பெய் ஃபு லெ" என்று எழுதினேன். "என்ன பிரச்சினை, யார் கட்டினார்கள்?" என்று உடனே போன் வந்துவிட்டது. இப்போது "திங்ஜின் இஜிங் ஃபு லெ" என்றுதான் எழுதுகிறேன்.

கரிசல்காடு:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெட்ட வாடை இன்னும் போகவில்லையே? வேலை கிடைக்காத பட்டதாரிகளை வேலையில் சேர்ந்தவர்களாகக் கணக்குக் காட்டியதை 'பெய் ஜியூயே' என்றார்களே. 2009-இல் 'பெய்'தான் அந்த ஆண்டின் எழுத்தாகத் தேர்வானது.

பழைய அகராதி:
ஆமாம். 'ஜியூயே' வேலையில் சேர்வது, தானே செய்யும் காரியம். அதற்கு முன் 'பெய்' போட்டதும், நம் பெயரில் வேறு யாரோ செய்துவிட்டார்கள் என்ற கோபம் வந்துவிடுகிறது.

மழைத்துளி:
புரிந்தது. சைக்கிள் தானே திருடாதே, அங்கே மட்டும் ஏன் 'பெய்'?

பழைய அகராதி:
அங்கே ஒருவருக்கு நஷ்டம். "வோ த ஸிஷிங்ச்ச பெய் தோவ் லெ." பறிகொடுத்தவர் நீங்கள். 'பெய்'யின் சொந்த இடமே அதுதான். ஆனால் மறுப்பை 'பெய்'க்கு முன்னால் வையுங்கள்: "மெய் பெய் தோவ்", திருடு போகவில்லை.

மழைத்துளி:
அப்படியானால் "இந்தப் புத்தகம் பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டது"? புத்தகம் தானே செய்யாது, யாருக்கும் நஷ்டமும் இல்லை. ஆனால் என் பாடநூலில் 'பெய்' இருக்கிறது.

துறைமுகம்:
என் அலுவலகத்தில் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் 'பெய்' வேண்டும் என்கிறார், இன்னொருவர் எடுத்துவிடு என்கிறார்.

பழைய அகராதி:
இரண்டு விதமாகவும் அச்சில் பார்த்திருக்கிறேன். நான் 'பெய்' இல்லாமல் எழுதுவேன். உங்கள் ஆசிரியை எதை ஏற்பார் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.